குழுமத்தைக் காட்டுவது எந்தக் கணக்கு? ஒருங்கிணைந்த அறிக்கையும் தனி அறிக்கையும்

பினாங்கில் நானும் அண்ணனும் ஒரே கம்பெனியின் பங்கை வைத்திருந்தோம். நான் விற்றுவிட்டேன், அவர் விற்கவில்லை. ஆண்டறிக்கையில் நாங்கள் பார்த்த பத்திகள் வேறு வேறு.

மலேசியாவில் பட்டியலிடப்பட்ட தாய் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தால் எண்கள் நான்கு பத்திகளாக நிற்கும். இடப்பக்கம் ‘குரூப்’ இரண்டு வருடம், வலப்பக்கம் ‘கம்பெனி’ இரண்டு வருடம். முதலாவது, மலேசிய நிதி அறிக்கைத் தரநிலையான எம்.எஃப்.ஆர்.எஸ். 10 சொல்லும் ஒருங்கிணைந்த கணக்கு, தாயையும் துணை நிறுவனங்களையும் ஒன்றாகச் சேர்த்தது. இரண்டாவது தாய் நிறுவனத்தின் தனிக் கணக்கு.

அண்ணன் கம்பெனிப் பத்தியைப் பார்த்தார். 10 மில்லியன் ரிங்கிட் லாபம், வங்கிக் கடன் ஒரு காசு இல்லை. (எண்களை முழுதாக்கியிருக்கிறேன்.) அந்த லாபம் எங்கிருந்து வந்தது? 80 விழுக்காடு வைத்திருக்கும் துணை நிறுவனம் தன் பழைய லாபத்திலிருந்து 15 மில்லியன் ஈவுத்தொகை கொடுத்தது. அதில் தாய்க்கு வந்தது 12. சொந்தச் செலவு 2 போக 10.

குரூப் பத்தியில் அந்த 12 கிடையாது. குடும்பத்துக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறிய காசு வருமானம் ஆகாது, அதனால் நீக்கிவிடுவார்கள். துணை நிறுவனம் இந்த வருடம் 5 மில்லியன் நட்டம். தாயின் செலவு 2 சேர்த்தால் குழும நட்டம் 7. துணை நிறுவனத்தின் நட்டத்தில் 1 மில்லியன், அதன் மற்ற 20 விழுக்காட்டை வைத்திருக்கும் வெளிப் பங்குதாரர்களுடையது. குழும நட்டத்தில் மீதி 6 எங்களைப் போன்றவர்கள் தலையில்.

நான் விற்றது கடனைப் பார்த்துத்தான். துணை நிறுவனம் வாங்கிய 90 மில்லியன் கடன் குரூப் பத்தியில் முழுசாக நிற்கிறது. பங்கு 80 விழுக்காடு என்பதற்காக 72 என்று எழுத மாட்டார்கள். தனிக் கணக்கிலோ ‘துணை நிறுவனங்களில் முதலீடு’ என்ற ஒரே வரி, வாங்கிய விலையில். அந்த வரிக்குள் என்ன கடன் இருக்கிறது என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழுமம் முழுவதையும் அறிய வேண்டுமென்றால் குரூப் பத்தியைத்தான் நம்புவேன்.

ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. 30 விழுக்காடு மட்டும் வைத்திருக்கும் இணை நிறுவனம் அங்கேயும் ஒரே வரிதான். அதன் கடன் உள்ளே வராது. வங்கிக் குழுமங்களின் கணக்கில் எனக்குப் பழக்கம் குறைவு, அங்கே இதை அப்படியே பொருத்த மாட்டேன்.

தனிக் கணக்கு வேண்டியது ஈவுத்தொகைக்கு. 2016 கம்பெனிகள் சட்டப்படி அது அந்தக் கம்பெனியின் லாபத்திலிருந்துதான் வர வேண்டும், குழும லாபத்திலிருந்து அல்ல. அதனால் குழுமம் நட்டப்பட்டும் இந்த வருடம் அண்ணனுக்கு ஈவு வரலாம். “வரும்ல? அப்புறம் என்ன?” என்றார். அந்த 90 மில்லியனுக்குத் தாய் நிறுவனம் ஜாமீன் போட்டிருக்கிறதா என்று கணக்குக் குறிப்புகளில் பாருங்கள் என்றேன். போட்டிருந்தது.