திருப்பித் தொகைக்கு வந்த சாடைப் பேச்சும் மேலதிகாரிக்கு எழுதிய கடிதமும்

வெளிநாட்டில் வசிப்பவர் ஊரில் உள்ள வீட்டை விற்கும்போது, குறைந்த வரிப் பிடித்தத்துக்கான சான்றிதழை முன்கூட்டியே பெற்றிராவிட்டால், வாங்குபவர் பெரும்பாலும் லாபத்துக்கு மட்டுமன்றி முழு விற்பனைத் தொகைக்கும் டி.டி.எஸ். பிடித்துவிடுகிறார். மிகுதியாகப் பிடித்ததை வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும். எனக்கு வர வேண்டிய தொகை 4,80,000 ரூபாய். பெங்களூருவில் உள்ள வருமான வரிச் செயலாக்க மையம் அதை ஒப்புக்கொண்டபோதும், 2011-12 மதிப்பீட்டு ஆண்டுக்கான பழைய நிலுவை ஒன்றைக் காட்டி நிறுத்திவைத்தது. அந்த நிலுவையில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த அறிவிப்புக்கு, உடன்பாடில்லை என்று வரித் துறைத் தளத்தில் பதில் அளித்துவிட்டுத்தான் புறப்பட்டேன். உரிய காலத்தில் பதில் சொல்லாவிட்டால் கழித்துவிடுவார்கள்.

அந்த நிலுவை, வங்கி அந்த ஆண்டு பிடித்த வரி என் கணக்கில் ஏறாததால் தோன்றியது. அப்போதே கொடுத்த திருத்த மனு முடிவு செய்யப்படாமல் கிடந்தது. தபால் பிரிவின் முத்திரையுடன் அதன் நகல் என்னிடம் இருந்தது பெரிய உதவி. திருத்தத்துக்குக் காலவரம்பு உண்டு என்பதால், உரிய காலத்தில் மனு கொடுத்ததற்கு அந்த முத்திரையே சாட்சி. என் பான் எண் சர்வதேச வரிப் பிரிவுக்கு மாறிவிட்டபோதிலும் நிலுவை பழைய அலுவலகத்தின் பதிவேட்டிலேயே இருந்தது. எந்த ஊர் அலுவலகம் என்பதை இங்கே எழுதவில்லை.

அங்கே மனுவை வாங்கிய ஊழியர் பணம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "உங்கள் ஆடிட்டர் வரவில்லையா? இங்குள்ள முறை அவருக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நேரம்தானே முக்கியம், கொஞ்சம் பார்த்துச் செய்தால் இந்த வாரமே கோப்பு மேலே போகும்" என்றார். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது பேரமாகிவிடும். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் பாதுகாப்புண்டு. மேலும், தாமதமான திருப்பித் தொகைக்கு மாதம் அரை சதவீதம், என் கணக்கில் 2,400 ரூபாய், வட்டியாகச் சேரும் என்பதால் அவசரம் அவர் காட்டிய அளவுக்கு இல்லை.

அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததும், தேதி, நேரம், அறை எண், அவர் சொன்ன சொற்கள், உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு இரண்டு கடிதங்கள் எழுதினேன். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், ஊழியர் மீதான விசாரணை முடியும்வரை பணமும் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. முதல் கடிதம் தாமதத்தைப் பற்றி மட்டும்: வட்ட அதிகாரிக்கு மேலுள்ள கூடுதல் ஆணையருக்கு, மனுவின் நகல், வங்கிச் சான்றிதழ், செயலாக்க மையத்தின் அறிவிப்பு ஆகியவற்றை இணைத்துத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன். அதையே வரித் துறைத் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும், நடுவண் அரசின் pgportal.gov.in தளத்திலும் பதிந்தேன். அங்கே கிடைக்கும் பதிவெண் முக்கியம். திருப்தியில்லாத பதிலுடன் முடித்துவிட்டால் அதைக் கொண்டுதான் மேல்முறையீடு செய்ய முடியும்.

இரண்டாவது கடிதம் முதன்மை ஆணையருக்கு, மந்தண உறையில். "லஞ்சம் கேட்டார்" என்று அதில் நான் எழுதவில்லை. அவர் சொன்னவற்றை மேற்கோளாகத் தந்து, இவற்றைச் சட்டத்துக்குப் புறம்பான எதிர்பார்ப்பாகவே நான் புரிந்துகொண்டேன் என்று ஒரே வாக்கியம் சேர்த்தேன். தொகை சொல்லாத சாடைப் பேச்சு நீதிமன்றத்தில் லஞ்சக் கோரிக்கையாக நிற்பது கடினம். துறையின் கண்காணிப்புப் பிரிவு விசாரிக்க அது போதும். மத்திய கண்காணிப்பு ஆணையத்துக்கும் எழுதலாம், ஆனால் பெயரில்லாத புகார்களை அங்கே எடுத்துக்கொள்வதில்லை. வெளிப்படையாகத் தொகை கேட்டிருந்தால் கொடுப்பதற்கு முன்பே சி.பி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவுக்குப் போயிருப்பேன். வருமான வரித் துறை நடுவண் அரசுடையது என்பதை மறந்து, மாநில அரசு ஊழியர்களுக்கான லஞ்ச ஒழிப்புத் துறையை இதற்காகத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூடுதல் ஆணையர் நேரில் அழைத்துக் கோப்பைப் பார்த்தார். ஊழியரைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. திருத்த ஆணை வந்தது. அதில் ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். 2019 அக்டோபர் முதல் அந்த எண் இல்லாத ஆணையைச் செல்லாததாகவே துறை கருதுகிறது. தொகை வட்டியுடன், தளத்தில் முன்பே சரிபார்த்து வைத்திருந்த என் என்.ஆர்.ஓ. கணக்குக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது கடிதத்துக்கு, கண்காணிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்ற ஒரு வரிப் பதில் மட்டுமே வந்திருக்கிறது. புகார் என்னுடையதுதான் என்று உறுதிப்படுத்தக் கேட்டால் கடிதம் தங்கையின் முகவரிக்கு வரும். அதைப் பிரித்துப் படித்து உடனே எனக்குச் சொல்லும்படி அவளிடம் சொல்லியிருக்கிறேன்.