சர்வோ பிளக்: தனித்தனி ஜம்பர் ஒயரா, ஷீல்டா?

மன்னார்குடியில் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு மதகு மாதிரி செய்தாள். தெர்மகோல் பலகையில் வாய்க்கால், அதன் குறுக்கே மூன்று ஷட்டர், ஒவ்வொன்றையும் தூக்க ஒரு SG90 சர்வோ மோட்டார். மூளையாக ஒரு ஆர்டுயினோ உனோ. இரண்டு விதமாகவும் இணைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஷீல்டுக்கே வந்தோம்.

முதலில் ஜம்பர் ஒயர். செலவு குறைவு, கடையில் ஒரு கட்டாகக் கிடைக்கும், ஒரே ஒரு சர்வோ என்றால் இதுவே போதும். சிக்கல் நிறத்தில் இருக்கிறது. SG90-இல் பழுப்பு கிரவுண்ட், நடுவில் சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு சிக்னல். வேறு சில சர்வோக்களில் கிரவுண்ட் கறுப்பாகவும் சிக்னல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ வரும். இப்போது கடையில் வாங்கும் சர்வோக்களில் சிவப்பு நடுவில்தான். மண் நிறம் கிரவுண்டுக்கு என்று சொல்லிக்கொடுத்தேன், அவளுக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பிளக்கைத் தாண்டியதும் அந்த நிறம் தொடர்வதில்லை. எங்களிடம் மிச்சமிருந்தது பச்சையும் நீலமும்தான். சிவப்பு நீலமாகப் போனது, பழுப்பு பச்சையாகப் போனது. சாயங்காலம் கரண்ட் போய் வந்த பிறகு அவள் கழற்றி மறுபடி செருகினாள்.

"மாமா, இது அசையவே மாட்டேங்குது. தொட்டா சுடுது."

5 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருந்தன. ஒயரைச் சரியாக மாற்றியும் அந்த சர்வோ எழுந்திருக்கவில்லை.

ஷீல்டுக்கு நான் சாய்வது இதனால்தான். சென்சார் ஷீல்டு உனோவின் மேலே அப்படியே உட்காரும் பலகை. ஒவ்வொரு பின் எண்ணுக்கும் G, V, S என்று மூன்று ஊசி நிற்கும். சர்வோ பிளக் முழுசாக அதில் ஏறும். பழுப்பு G பக்கம், ஆரஞ்சு S பக்கம்.

தனி ஒயர் மூன்றை ஆறு விதமாகச் செருகலாம், சரியானது ஒன்றுதான். மற்ற ஐந்தில் மூன்று, சர்வோவுக்கு மின்சாரத்தைத் தலைகீழாகக் கொடுக்கக்கூடியவை. பிளக்கை இரண்டே விதமாகத்தான் செருக முடியும். தப்பாகத் திருப்பினாலும் நடுவில் இருக்கும் சிவப்பு நடுவிலேயே இருக்கும். சிக்னலும் கிரவுண்டும் மட்டுமே இடம் மாறும். சர்வோ அசையாது, ஆனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. திருப்பிச் செருகினால் சர்வோவின் மின்னோட்டம் உனோவின் சிக்னல் பின் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்தப் பின் 40 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. ESP32 போன்ற 3.3 வோல்ட் பலகையில் இன்னும் கவனம் வேண்டும்: சர்வோவின் 5 வோல்ட் அந்தப் பின்னில் ஏறலாம், அதைத் தாங்கும்படி அது செய்யப்படவில்லை. அங்கே பிளக்கைச் சரிபார்த்த பிறகுதான் மின்சாரம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதை ஏற்றுங்கள்:

```
#include <Servo.h>
Servo s;
void setup() {
  s.attach(9);
  s.write(90);
}
void loop() {}
```

பிளக் 9-ஆம் எண்ணில் இருக்கட்டும். சரியாகச் செருகியிருந்தால், ஏற்கெனவே 90 டிகிரியில் இல்லாத சர்வோ ஒருமுறை துள்ளி நிற்கும். அப்புறம் சர்வோவின் கையை விரலால் லேசாக அழுத்தினால் விறைப்பாக எதிர்க்கும். திருப்பிச் செருகியிருந்தால் துள்ளாது, விறைப்பும் இருக்காது. உடனே யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத் திருப்பிப் போடுங்கள்.

ஷீல்டிலும் ஒரு வம்பு உண்டு. அதே மூன்று ஊசியில் சர்வோ ஒயரை வைத்தே வேறு சென்சாரை மாட்டத் தோன்றும். சில அகச்சிவப்பு சென்சார்களில் நடுப்பின் கிரவுண்ட். அங்கே 5 வோல்ட் நேராக கிரவுண்டில் போய் விழும். சென்சார் பலகையில் அச்சிட்ட எழுத்தைப் படித்துவிட்டே மாட்ட வேண்டும்.

மூன்று ஷட்டரும் ஒன்றாகத் தூக்கும்போது உனோ ரீசெட் ஆனால் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள். யுஎஸ்பி வழியில் இருக்கும் ஃபியூஸ் 500 மில்லி ஆம்பியர்தான். ஷீல்டின் பவர் ஜம்பரை எடுத்துவிட்டு, தனி 5 வோல்ட் சப்ளையை ஷீல்டில் கொடுத்ததும் எங்களுக்குச் சரியானது.

பதினாறு சர்வோ வரை இயக்கும் PCA9685 பலகையை ஒருமுறைதான் தொட்டிருக்கிறேன். அதிலும் சிவப்பு நடுவில், கிரவுண்ட் வரிசை பலகையின் விளிம்பில். மூன்று ஷட்டருக்கு அது அதிகம். ஷட்டர் எட்டு, பத்து என்று போனால் அதைத்தான் வாங்குவேன்.