பனியன் துணி, பெட்ஷீட், பாப்ளின்: நாலு வருடம் துணி மாஸ்க் போட்டுப் பார்த்ததில்

2020-ல் எங்கள் கம்பெனியில் ஆளுக்கு ஐந்து பனியன் துணி மாஸ்க் கொடுத்தார்கள். திருப்பூரில் வேறு என்ன கொடுப்பார்கள்! கொரோனா அடங்கிய பிறகும் எனக்கு மாஸ்க் பழக்கம் விடவில்லை. தினமும் ஒன்றரை மணி நேரம் பஸ், பக்கத்தில் யாராவது இருமிக்கொண்டே வருவார்கள். அதனால் நாலு வருடத்தில் மூன்று விதத் துணியைப் போட்டுத் தேய்த்தாயிற்று.

பனியன் மாஸ்க்கில் மூச்சு விட அவ்வளவு சுகம். ஆனால் அந்தச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, போட்டிருக்கும் அளவுக்கு இழுத்துப் பிடித்து டியூப்லைட்டுக்கு நேரே காட்டினேன். சிங்கிள் ஜெர்சி என்பது நெசவு இல்லை, பின்னல். இழுத்தால் கண்ணிகள் விரிந்துவிடும். மேசையில் கெட்டியாகத் தெரிந்த துணி, மூக்கின் மேல் ஏறியதும் வலைபோல ஆகிவிட்டது. மதியத்துக்குள் நனைந்து உதட்டில் ஒட்டிக்கொள்ளும் தொல்லை வேறு.

சரி, நெருக்கமான துணிதான் விடை என்று நினைத்து, பழைய சாட்டின் பெட்ஷீட்டை வெட்டி மூன்று மடிப்பில் தைத்துக்கொண்டேன். இழை எண்ணும் லென்ஸான பிக் கிளாஸ் வைத்து எண்ணினால் பாவும் ஊடையும் சேர்த்து அங்குலத்துக்கு முந்நூறு இழைக்குப் பக்கம். (பெட்ஷீட் பாக்கெட்டில் 600, 1000 என்று போட்டிருந்தால் அப்படியே நம்பாதீர்கள். முறுக்கிய நூலின் ஒவ்வொரு புரியையும் தனி இழையாகக் கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு.) போட்ட ஐந்தாவது நிமிடம் கண்ணாடியில் ஆவி படிந்தது. துணி வழியாகப் போக முடியாத மூச்சு மூக்கோரம் வழியாக ஏறிப் போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். உள்ளே இழுக்கும் மூச்சும் அதே சந்து வழியாகத்தான் வரும். வடிகட்டாமல்.

மடிப்புகளை அடுக்கும்போது நடக்கும் கணக்கு இதுதான். ஒரு மடிப்பு, நூறு துகளில் இருபதைப் பிடிக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மீதி எண்பதில் இருபது சதவீதத்தை இரண்டாவது பிடிக்கும், அறுபத்து நாலு தப்பும். மூன்றாவதைத் தாண்டி ஐம்பத்தொன்று போகும். ஆக, ஒவ்வொரு மடிப்பும் முந்தையதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கிறது. மூச்சுத் திணறலோ ஒவ்வொரு மடிப்புக்கும் அதே அளவு ஏறிக்கொண்டே போகும். அதனால் நெருக்கமான துணியை மேலும் மேலும் மடிப்பதில் லாபமில்லை.

இன்னொன்றும் தாமதமாகத்தான் புரிந்தது. துணி சல்லடை இல்லை. இழைகளுக்கு நடுவில் உள்ள சந்து, நுண்ணிய துளிகளைவிடப் பல மடங்கு பெரிது. பெரிய துளி காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் நாரில் மோதி ஒட்டுகிறது. மிக நுண்ணியது அங்குமிங்கும் அலைந்து ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் சுற்றுவட்டாரத்தில் இருப்பதுதான் அதிகம் தப்பிப் போகும். மோத வேண்டியது நாரில் என்பதால், சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சு ரோமம் உதவுகிறது. ஃபிளானல் துணி நன்றாகப் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பருத்தி மூச்சின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது. அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனம் 2021-ல் வெளியிட்ட சோதனையில், ஈரப்பதத்தில் பருத்தித் துணிகளின் வடிகட்டும் திறன் சராசரியாக 33 சதவீதம் கூடியது. பாலியஸ்டரில் அப்படி நடக்கவில்லை.

இப்போது போடுவது மூன்றாவது ரகம்: முன்னும் பின்னும் நாற்பதாம் நம்பர் நூல் பாப்ளின், நடுவில் ஸ்பன்பாண்ட் ஒரு மடிப்பு. கட்டைப்பை தைப்பார்களே, அந்த நான்-ஓவன் ஜாதிதான், மெல்லிசு ரகம். நெய்யாமல் நார்களைத் தாறுமாறாகப் படியவிட்டது என்பதால் பாவுக்கும் ஊடைக்கும் நடுவில் வருவதுபோல நேர்த் துளை இருக்காது, காற்றும் தாராளமாகப் போகும். தைக்கும் முன் பாப்ளினை ஒருமுறை அலசிக் கஞ்சியைப் போக்கிச் சுருங்கவிட வேண்டும். மூக்கு மேல் வளைக்கக் கம்பி ஒன்று அவசியம். கம்பி வைத்த பிறகுதான் கண்ணாடி தெளிந்தது.

முதல் மாஸ்க்கை நானே பாழாக்கினேன். துவைத்துப் பருத்திக்கான சூட்டில் அயர்ன் செய்தேன். நடு மடிப்பு பாலிப்ரொப்பிலீன், 160 டிகிரியை ஒட்டி உருகிவிடும். உள்ளே சுருண்டு தகடாகிப் போனது. இப்போது நிழலில் உலர்த்துவதோடு சரி.

இது பஸ்ஸுக்கு மட்டும்தான். கட்டிங் செக்ஷனில் பஞ்சு பறக்கும் இடத்துக்குப் போனால் இதைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு என்95 மாட்டிக்கொள்கிறேன்.