வாட்ஸ்ஆப்பிலிருந்து டெலிகிராமா, சிக்னலா: பழைய பேச்சில் எவ்வளவு கூட வரும்?

வாட்ஸ்ஆப்பில் நடந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பக் குழுவை வேறு செயலிக்கு மாற்றப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டெலிகிராமுக்குப் போனால் பழைய பேச்சில் ஒரு பகுதி கூட வரும். சிக்னலுக்குப் போனால் ஒரு வரிகூட வராது. இதை மட்டும் பார்த்து டெலிகிராமைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. ஆனால் அந்த ஒரு பகுதி எவ்வளவு, என்ன வடிவில் வருகிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுப்பதே நல்லது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ இருக்கும் வாட்ஸ்ஆப் பேக்கப்பை டெலிகிராமோ சிக்னலோ திறக்காது. அது வாட்ஸ்ஆப்புக்கு மட்டுமே உரிய கோப்பு. வேறு செயலிக்குப் போகக்கூடியது, ஒவ்வொரு உரையாடலிலும் இருக்கும் Export chat வழியாக வெளிவரும் எழுத்துக் கோப்புதான். ஆண்ட்ராய்டு போனில் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
05/03/2024, 7:12 pm - அத்தை திருச்சி: சாவி பக்கத்து வீட்டில் இருக்கு
05/03/2024, 7:13 pm - சித்தப்பா: <Media omitted>
```

தேதி, நேரம், பெயர், செய்தி, அவ்வளவுதான். எந்தச் செய்திக்குப் பதிலாக இது எழுதப்பட்டது, யார் இதயம் போட்டார்கள் என்பதெல்லாம் இந்தக் கோப்பில் இல்லை. கோப்பில் இல்லாததை எந்தச் செயலியாலும் கொண்டுவர முடியாது.

அளவிலும் வரம்பு உண்டு. படங்களோடு எடுத்தால் கடைசி 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் எடுத்தால் 40,000 செய்திகள் என்று வாட்ஸ்ஆப் நிறுத்திவிடும். நாளுக்கு 40 செய்தி ஓடும் குழு ஒன்று 5 ஆண்டுகளாக இருக்கிறது என்றால் மொத்தம் சுமார் 73,000 செய்திகள். படங்களோடு எடுத்தால் கடைசி 250 நாள்தான் கிடைக்கும். எழுத்து மட்டும் என்றால் 1,000 நாள், அதாவது மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு முந்தைய 33,000 செய்திகள் இந்த வழியில் வெளியே வராது. எச்சரிக்கை எதையும் எதிர்பார்க்காமல், கோப்பைத் திறந்து முதல் வரியின் தேதியை நீங்களே பாருங்கள். குழு தொடங்கிய நாள் இல்லையென்றால் வெட்டுப்பட்டிருக்கிறது.

இனி டெலிகிராம். 2021 ஜனவரியில் இந்த வசதி வந்தது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்ஆப் உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளிகள், More, Export chat என்று போங்கள். ஐபோனில் குழுவின் பெயரைத் தொட்டால் வரும் பக்கத்தின் அடியில் இதே Export chat இருக்கும். படங்கள் வேண்டுமா என்று கேட்டபின் வரும் பகிர்வுப் பட்டியலில் டெலிகிராமைத் தேர்ந்தெடுத்து, எந்த உரையாடலுக்குள் போக வேண்டும் என்று காட்ட வேண்டும். ஏற்றுமதி முடியும்வரை அந்தத் திரையை மூடாதீர்கள். படங்கள் நிறைய இருந்தால் வைஃபையில் செய்வதே சரி.

தடங்கல் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. தனிநபர் உரையாடல் என்றால் இருவர் போனிலும் மற்றவர் எண் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். நீங்கள் மட்டும் சேமித்திருந்தால் டெலிகிராம் மறுத்துவிடும். குழு என்றால், இறக்கப்போகும் டெலிகிராம் குழுவில் உங்களுக்கு நிர்வாகி உரிமை வேண்டும். Export chat வேலையே செய்யவில்லையா? அந்த உரையாடலில் யாராவது Advanced chat privacy என்பதைப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2025-இல் வந்த இந்த அமைப்பு, உரையாடலை வெளியே எடுப்பதையே தடுக்கிறது.

வந்து சேர்ந்த செய்திகள் இறக்கிய நாளில்தான் உட்காரும். பழைய தேதியும் நேரமும் ஒவ்வொன்றின் மேலும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே குழுவில் ஏற்கெனவே பேச்சு தொடங்கியிருந்தால், புதிய பேச்சுக்குக் கீழே பழையது வந்து குவியும். பழையதை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு எல்லோரையும் பேச விடுங்கள்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. கோப்பில் இருக்கும் பெயர்கள், உங்கள் போனில் நீங்கள் சேமித்த பெயர்கள். "கடன் வாங்கிய மாமா" என்று சேமித்திருந்தால் குழுவில் இருக்கும் அந்த மாமாவே அதைப் படிப்பார். எடுப்பதற்கு முன் தொடர்புப் பட்டியலைச் சரிசெய்துவிட்டு, ஆளில்லாத புதிய குழுவில் ஒருமுறை இறக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் பூட்டு. வாட்ஸ்ஆப்பில் முனைக்கு முனை குறியாக்கத்தோடு இருந்த பேச்சு, டெலிகிராமின் சாதாரண உரையாடலுக்குள் வந்ததும் அந்தப் பாதுகாப்பை இழக்கிறது. டெலிகிராமின் இரகசிய உரையாடல்களுக்குள் பழையதை இறக்க வழியில்லை. மற்றவர்கள் எழுதியதையும் சேர்த்தே நீங்கள் மாற்றுகிறீர்கள் என்பதால், குழுவில் கேட்காமல் இதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மருத்துவ அறிக்கை, வங்கி விவரம் ஓடிய உரையாடலை மாற்றவே வேண்டாம்.

சிக்னலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேறு செயலியிலிருந்து எதையும் அது வாங்கிக்கொள்ளாது. அதில் இருக்கும் பேக்கப்பும் இடமாற்றமும் சிக்னலில் நடந்த பேச்சுக்கு மட்டும். புதிய குழு தொடங்கி, அதன் இணைப்பைப் பழைய வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதே வழி. சோஹோவின் அரட்டை செயலி உங்கள் பகிர்வுப் பட்டியலில் தெரிந்தாலும், வாட்ஸ்ஆப் தருவது அதே எழுத்துக் கோப்புதான். 10,000, 40,000 வரம்பு அப்படியே இருக்கும்.

பழையது முழுவதும் வேண்டும், ஆனால் புதிய செயலிக்குள்தான் இருக்க வேண்டும் என்றில்லை என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: கணினியில் ஒரு காப்பகம். ஆண்ட்ராய்டு வாட்ஸ்ஆப்பில் Settings, Chats, Chat backup, End-to-end encrypted backup போய், கடவுச்சொல்லுக்குப் பதிலாக 64 எழுத்துச் சாவியைத் தேர்ந்தெடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்ததும், போனில் Android/media/com.whatsapp/WhatsApp/Databases கோப்புறையில் இருக்கும் msgstore.db.crypt15 கோப்பைக் கணினிக்கு நகலெடுங்கள். பைத்தான் இருக்கும் கணினியில், திறந்த மூலக் கருவி ஒன்று அதைப் பிரித்துப் படிக்கும் பக்கங்களாக்கித் தரும்:

```
pip install "whatsapp-chat-exporter[android_backup]"
wtsexporter -a -k உங்கள்_64_எழுத்துச்_சாவி -b msgstore.db.crypt15
```

இங்கே 40,000 வரம்பு கிடையாது. எந்தச் செய்திக்கு எது பதில் என்பதும் தெரியும். படங்களும் வேண்டுமானால், போனிலிருக்கும் Media கோப்புறையை WhatsApp என்ற கோப்புறைக்குள் வைத்து, கட்டளை ஓடும் இடத்திலேயே போடுங்கள். போனிலிருந்து ஏற்கெனவே அழித்த படம் எந்த வழியிலும் வராது. சாவியைத் தொலைத்தால் அந்தக் கோப்பைத் திறக்க முடியாது.

என் தேர்வைச் சொல்கிறேன். தெரு நலச் சங்கம், வகுப்புக் குழு போல, எல்லோரும் பழைய அறிவிப்பைத் தேடிப் பார்க்கும் இடம் என்றால் டெலிகிராம், எழுத்து மட்டும். வீட்டுப் பேச்சு என்றால் சிக்னலில் வெறும் குழு, பழையது கணினிக் காப்பகத்தில். எதுவானாலும், கோப்பைத் திறந்து தேதிகளைச் சரிபார்க்கும்வரை வாட்ஸ்ஆப் கணக்கை அழிக்காதீர்கள். கணக்கை அழித்தால் செய்திகளோடு கூகுள் டிரைவ் பேக்கப்பும் போய்விடும்.