பட்டியலைக் கலைப்பது: எந்த இடத்தோடும் மாற்றுவதா, மிச்சமுள்ளவற்றுக்குள் மாற்றுவதா?

தேர்வுக் கேள்விகளை ஆளுக்கொரு வரிசையில் கலைத்துத் தரும் நிரல் ஒன்றை எழுதியபோது என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு.

முதல் முறை:

```python
n = len(x)
for i in range(n):
    j = random.randrange(n)
    x[i], x[j] = x[j], x[i]
```

இரண்டாம் முறை:

```python
for i in range(len(x) - 1, 0, -1):
    j = random.randrange(i + 1)
    x[i], x[j] = x[j], x[i]
```

நான் எடுத்தது இரண்டாவதை. ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் தாளில் எண்களை அடித்து அடித்துச் செய்யும் விதமாகச் சொன்ன முறை அது. 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்ற இந்தச் சிறிய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வேகம், நினைவகம், வரிகளின் எண்ணிக்கை எதிலும் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு ரேண்டம் எண் ஒட்டி, அந்த எண்ணின்படி அடுக்குவது என்று மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எண்கள் ஒன்றோடொன்று மோதாதவரை அதுவும் நியாயமானதுதான், பெரிய பட்டியலில் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவே. முடிவு செய்ய வைத்தது ஒரே விஷயம்: எல்லா வரிசைகளும் சமமாக வருகின்றனவா?

முதல் முறையைப் பார்ப்பவர்களுக்கு அது கூடுதல் நியாயமாகவே தோன்றும். எந்த உருப்படியும் எந்த இடத்துக்கும் போகலாம் என்றால் அதில் என்ன குறை? மூன்றே உருப்படிகளை வைத்து எண்ணிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.

க, ச, ட என்று மூன்று. சுற்று மூன்று முறை ஓடும், ஒவ்வொரு முறையும் மூன்று இடங்களில் ஒன்று தேர்வாகும். ஆக மொத்தம் 3 × 3 × 3 = 27 பாதைகள், எல்லாமே சம வாய்ப்புள்ளவை. ஆனால் மூன்று உருப்படிகளுக்கு இருக்கும் வரிசைகள் ஆறுதான். 27 பாதைகளை ஆறு வரிசைகளுக்குச் சமமாகப் பங்கிட முடியாது. ஆளுக்கு நாலரைப் பாதை என்று ஒன்று கிடையாதே.

பங்கு உண்மையில் எப்படி விழுகிறது? தொடங்கிய கசட-வுக்கே திரும்பி வரும் பாதைகளை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்துத் தேர்வாகும் இடங்கள் 1,2,3 என்றால் எதுவும் நகராது. 2,1,3 என்றால் முதல் இரண்டும் மாறி, உடனே பழையபடி திரும்பிவிடும். 1,3,2-இல் கடைசி இரண்டுக்கும் அதே கதை. 3,2,1-இல் முதலும் கடைசியும் மாறித் திரும்பும். ஆக நான்கு பாதைகள். இதே போல எல்லாவற்றையும் எண்ணினால் கிடைப்பது:

```
கசட 4   கடச 5   சகட 5
சடக 5   டகச 4   டசக 4
```

அதாவது மூன்று வரிசைகள் 18.5 சதவீதம் வருகின்றன, மற்ற மூன்றும் 14.8 சதவீதம். நியாயமாக வரவேண்டியது ஒவ்வொன்றும் 16.7.

இரண்டாம் முறையில் முதலில் கடைசி இடத்துக்கு மூன்றில் ஒன்று தேர்வாகிறது. அந்த இடத்தை அதன்பிறகு யாரும் தொடுவதில்லை. மிச்சமுள்ள இரண்டில் ஒன்று நடு இடத்துக்கு, எஞ்சியது முதல் இடத்துக்கு. 3 × 2 = 6 பாதைகள், 6 வரிசைகள், ஒவ்வொன்றுக்கும் மிகச் சரியாக ஒரு பாதை. முதல் முறை கோட்டைவிடுவது இங்கேதான்: ஒருமுறை இடம் பிடித்ததையே மறுபடி எடுத்து வேறெங்கோ போடுகிறது.

"சரி, முதல் முறையையே இரண்டு தடவை ஓட்டிவிட்டால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அப்போது பாதைகள் 729. ஏற்றத்தாழ்வு குறையும், ஆனால் போகாது. மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை எண்தான் வரும், ஆறால் வகுபடாது. 52 சீட்டுகளுக்கும் இதே நிலைமை: 52-இன் பகா எண் காரணிகள் 2-உம் 13-உம் மட்டுமே, ஆனால் மொத்த வரிசைகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபடும். எத்தனை சுற்று ஓட்டினாலும் கணக்கு நேராகாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தக் கோணல் சோதனையில் ஒளிந்துகொள்ளும் விதம். பலரும் கலைக்கும் நிரலைச் சோதிக்கும்போது முதல் உருப்படி எங்கெங்கே போகிறது என்று எண்ணுவார்கள். மேலே உள்ள அட்டவணையில் க-வை மட்டும் பாருங்கள்: முதல் இடத்தில் 4+5, நடுவில் 5+4, கடைசியில் 5+4. எல்லாமே 9. கடைசி இடத்தில் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்தாலும் மூன்றுக்கும் 9 தான். இந்த இரண்டு சோதனைகளிலும் முதல் முறை முழு மதிப்பெண் வாங்கிவிடும். ச-வைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்: முதல் இடத்தில் 10, தன் சொந்த இடத்தில் 8, கடைசியில் 9. ட-வும் அப்படியே, தன் இடத்துக்கு ஒரு படி முன்னால் 10 முறை வருகிறது.

ஆகவே இடங்களை எண்ணாதீர்கள், முழு வரிசைகளை எண்ணுங்கள். மூன்று உருப்படிகளை 6,000 தடவை கலைத்து, ஆறு வரிசைகளும் எத்தனை முறை வந்தன என்று குறித்தால் போதும். நியாயமான முறையில் ஒவ்வொன்றும் 1,000-ஐ ஒட்டி, சில பத்துகள் கூடக்குறைய வரும். முதல் முறையில் 1,110 பக்கம் மூன்றும் 890 பக்கம் மூன்றுமாகப் பிரிந்து நிற்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஏ.எஸ்.எஃப் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் தன் இணையப் போக்கர் ஆட்டம் நேர்மையானது என்று காட்ட, சீட்டுக் கலைக்கும் நிரலை வெளிப்படையாகவே போட்டிருந்தது. 1999-இல் ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதைப் படித்துப் பார்த்தார்கள். அதில் இருந்தது அதே முதல் முறை. போதாக்குறைக்கு ரேண்டம் எண் 1 முதல் 51 வரைதான் வந்தது. அதனால் 52-ஆவது சீட்டு தன் இடத்தில் நிற்க வழியே இல்லை. இவற்றைவிடப் பெரிய ஓட்டை, ரேண்டம் எண்களின் வரிசையைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணில்: நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி விநாடிகள். ஒரு நாளைக்கு 8,64,00,000 தான். 52 சீட்டுகளின் வரிசைகளோ 68 இலக்க எண். ஆட்டத்தின் நடுவிலேயே மற்றவர்களின் சீட்டுகளைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள்.

அந்தக் கடைசி ஓட்டையை ஃபிஷர்–யேட்ஸாலும் அடைக்க முடியாது. உள்ளே வரும் எண்கள் எவ்வளவு நல்லவையோ, கலைப்பும் அவ்வளவுதான். இன்னொரு வழுக்கலும் இந்த முறையில் உண்டு. `randrange(i + 1)` என்பதை `randrange(i)` என்று எழுதிவிட்டால் எந்த உருப்படியும் தன் பழைய இடத்தில் நிற்கவே நிற்காது. மூன்று உருப்படிகளுக்கு ஆறில் இரண்டு வரிசைகள் மட்டுமே வரும். சடோலோ முறை என்று அதற்குத் தனிப் பெயரும் தனிப் பயனும் உண்டு, ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை. 6,000 தடவைச் சோதனையில் நான்கு வரிசைகளுக்கு நேரே பூஜ்யம் நின்றால் இதுதான் காரணம்.

என் பட்டியல்களெல்லாம் ஒரே கணினியின் நினைவகத்தில் அடங்குபவை. பல கணினிகளில் பிரிந்து கிடக்கும் பட்டியலைக் கலைத்துப் பழக்கம் இல்லை. அங்கே ரேண்டம் எண் ஒட்டி அடுக்கும் மூன்றாவது வழிதான் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். மற்றபடி பைத்தானில் எழுதுபவர்கள் சுற்றைக் கையால் எழுதவே வேண்டாம். `random.shuffle` உள்ளே ஓடுவது மேலே சொன்ன இரண்டாம் முறையேதான். பணமோ ரகசியமோ சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும் `random.SystemRandom().shuffle(x)` என்று கூப்பிடுங்கள்.