லேப்டாப்பில் ஒரே ஹெட்செட் ஜாக்கா, மைக்குக்குத் தனி ஜாக்கா?

பச்சை பின், இளஞ்சிவப்பு பின் என இரண்டு பின் உள்ள ஹெட்செட் நல்ல நிலையில் இருக்கிறது. புது லேப்டாப்பிலோ ஒரே ஒரு துளைதான். பச்சையைச் செருகினால் பாட்டு கேட்கும். இளஞ்சிவப்பைச் செருகினால் மைக் வேலை செய்யாது. மைக் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

பின்னை உற்றுப் பாருங்கள். இரண்டு பின் ஹெட்செட்டில் ஒவ்வொரு பின்னிலும் இரண்டு கறுப்பு வளையம், அதாவது மூன்று உலோகப் பகுதி. மொபைல் ஹெட்செட் பின்னில் மூன்று வளையம், நான்கு பகுதி: நுனியில் இடது காது, அடுத்து வலது காது, பிறகு மின்னோட்டம் திரும்பிப் போகும் பொதுத் தொடர்பான கிரவுண்ட், அடியில் மைக். ஒற்றை ஜாக் மைக்கை அந்த நான்காவது இடத்தில்தான் தேடுகிறது. மூன்று பகுதி பின்னைச் செருகினால் மைக் தொடர்பு கிரவுண்டோடு சேர்ந்துவிடும். 'வெறும் ஹெட்போன்' என்று லேப்டாப் முடிவு செய்துவிடும்.

இதற்குத்தான் ஸ்ப்ளிட்டர். ஆனால் கடையில் அந்தப் பெயரில் இரண்டு சாமான் கிடைக்கும். ஒன்று, இரண்டு பேர் ஒரே பாட்டைக் கேட்பதற்கானது; பின்னில் இரண்டு வளையம்தான் இருக்கும், நமக்கு உதவாது. நமக்கு வேண்டியது மூன்று வளையப் பின்னும், மைக் படமும் ஹெட்போன் படமும் போட்ட இரண்டு துளைகளும் உள்ளது. தனித்தனி ஜாக் உள்ள டெஸ்க்டாப்பில் மொபைல் ஹெட்செட்டைப் போட இதற்கு நேர் எதிரானது வேண்டும்: ஒரு துளை, இரண்டு பின்.

மாட்டிய பின் விண்டோஸில் Settings > System > Sound போய் Input பட்டையைப் பாருங்கள். ஹெட்செட் மைக்கை நகத்தால் சுரண்டினால் பட்டை துள்ள வேண்டும். லேப்டாப் உடம்பைச் சுரண்டும்போது மட்டும் துள்ளினால் உள்மைக்தான் ஓடுகிறது.

தரத்தில் தனி ஜாக்குக்கு உண்மையான சாதகம் ஒன்று உண்டு. ஒற்றைப் பின் ஹெட்செட்டில் காதுக்கும் மைக்குக்கும் பெரும்பாலும் ஒரே கிரவுண்ட் கம்பி. நீளமான மெல்லிய கம்பி என்பதால் காதில் ஓடும் சத்தம் கொஞ்சம் மைக்குக்குள் கசியும். மீட்டிங்கில் எதிர்முனையில் இருப்பவர் 'என் குரலே எனக்குத் திரும்பக் கேட்குது' என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பின் ஹெட்செட்டில் கிரவுண்ட் கம்பிகள் தனித்தனி. ஸ்ப்ளிட்டர் போட்டாலும் அந்தச் சில அங்குலத்தில்தான் அவை ஒன்று சேர்கின்றன. அதனால் பழைய ஹெட்செட்டைத் தூக்கி எறிந்து மொபைல் ஹெட்செட் வாங்குவதைவிட, சரியான ஸ்ப்ளிட்டர் வாங்குவதே மேல் என்பேன்.

போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே ஹெட்செட்டை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு ஒற்றை ஜாக் வசதி. பாடம் பதிவு செய்பவர், குரல் கொடுப்பவர் என்றால் இரண்டையும் விட்டு யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். மைக்குக்குத் தனித் துளை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் ஸ்ப்ளிட்டரே தேவைப்படாது.