இணைப்பு வரியை எந்த ஸ்லைடின் நோட்ஸில் எழுதுவது?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் தமிழர்களைப் பற்றி இருபது நிமிடம் பேச மூன்று பகுதிகள் வைத்திருந்தேன்: துறைமுகம், பினாங்கு தெருவில் செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகள், தைப்பூச வெள்ளி ரதம். ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கூட்டிப்போகும் வரியை எழுத இரண்டு இடம் உண்டு: முடிகிற ஸ்லைடின் நோட்ஸில் கடைசியாக, அல்லது தொடங்குகிற ஸ்லைடின் நோட்ஸில் முதலாவதாக.

முதலில் இரண்டாவது இடத்தில்தான் எழுதினேன். புதுப் பகுதியின் வரி அங்கேதானே இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பிரசன்டர் வியூவில் திரையில் இருக்கும் ஸ்லைடின் நோட்ஸ் மட்டுமே தெரியும். கிளிக் செய்த பிறகுதான் வரி என் கண்ணுக்கு வரும். அதற்குள் கூட்டம் புதுப் படத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒத்திகையில் உட்கார்ந்திருந்த அண்ணன் சொன்னார்: "தம்பி, நீங்க குனிஞ்சு படிக்கிறதுக்குள்ள நான் படத்துக்குப் போயிட்டேன். அந்த வரி என் காதுல விழவே இல்ல."

வரியை முந்திய ஸ்லைடுக்கு மாற்றினால், அதைச் சொல்லிவிட்டுக் கிளிக் செய்யலாம். ஆனால் அப்போது வரியே மாற வேண்டியிருந்தது. "அடுத்து கிட்டங்கிகளைப் பார்ப்போம்" என்று இருந்தது. இது எந்த ஸ்லைடுக்கு முன்னாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அது இணைப்பே இல்லை. மாற்றி எழுதியது இது: "துறைமுகத்தில் இறங்கிய சரக்கை வாங்கி விற்கக் கையில் காசு வேண்டும். சின்ன வியாபாரிக்கு அதை யார் கொடுத்தது?" கிளிக். கிட்டங்கிப் படமே பதில் ஆகிவிட்டது.

அதனால் என் தேர்வு முதல் இடம். ரதத்துக்கு மட்டும் மாற்றினேன். அந்தப் படம் முதலில் தெரியட்டும், இரண்டு மூச்சு பேசாமல் நிற்க வேண்டும், பிறகுதான் வரி: "கிட்டங்கிகளைப் பார்த்தோமே, அதே தெருவிலிருந்துதான் இந்த ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது." ஆகவே இது ரத ஸ்லைடின் நோட்ஸிலேயே, "நில்" என்ற குறிப்புக்குக் கீழே இருக்கிறது.

முதல் இடத்திலும் ஒரு பலவீனம் உண்டு. நேரம் போதாமல் கிட்டங்கி ஸ்லைடை மறைத்தால், துறைமுக நோட்ஸின் கேள்வி பதில் இல்லாமல் தொங்கும்; ரத வரியும் காட்டாத படத்தைச் சுட்டும். எனவே இணைப்பு வரிகளுக்கு முன்னால் மட்டும் >> போடுகிறேன். ஸ்லைடின் வரிசையை மாற்றினாலோ ஒன்றை மறைத்தாலோ அந்தக் குறியுள்ள வரிகளை மட்டும் திரும்பப் படித்தால் போதும். துறைமுக நோட்ஸில் கேள்விக்குக் கீழே ஒரு மாற்று வரியும் இருக்கிறது: ">> கிட்டங்கி இல்லையென்றால்: துறைமுகத்துக்கு வந்தவர்கள் தங்கள் முருகனையும் கூட்டி வந்தார்கள்."